தனி ஆளுக்கு டெக் பில்டிங்: திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேர் உட்கார்ந்து மேசை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஒருவன் சென்னை போனான், ஒருவனுக்குக் கல்யாணம், இன்னொருவன் துபாய். மிஞ்சியது நானும் அலமாரி நிறையப் பெட்டிகளும். அப்புறம் தனியாக ஆடக்கூடியவற்றைத் தேடித்தான் டெக் பில்டிங் பக்கம் வந்தேன். இதே நிலையில் இருக்கிற பலரும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். எல்லா விளையாட்டுகளையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. மேசையில் ஃப்ரைடே, திரையில் ஸ்லே த ஸ்பயர், இந்த இரண்டையும் சுற்றித்தான் பெரும்பாலும் பேச்சு.

டெக் பில்டிங்னா என்னங்க? ரம்மி மாதிரியா, இல்ல ஸ்கூல்ல வச்சிருந்த டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டு மாதிரியா?

இரண்டும் இல்லை. ரம்மியில் கட்டு எல்லோருக்கும் பொது, அதில் உள்ள சீட்டுகள் மாறாது. டெக் பில்டிங்கில் உங்களுக்கென்று ஒரு சின்னக் கட்டு, பெரும்பாலும் மட்டமான சீட்டுகளோடு, கையில் தரப்படும். அதிலிருந்து வழக்கமாக ஐந்து ஐந்தாக எடுத்து ஆடுவீர்கள். ஆடும்போதே நல்ல சீட்டைச் சேர்ப்பீர்கள், மட்டமானதைத் தூக்கி எறிவீர்கள். கட்டு தீர்ந்ததும் போட்ட சீட்டுகளையெல்லாம் கலைத்து மறுபடி அதையே எடுத்து ஆட வேண்டும். அதாவது இன்று நீங்கள் வாங்குகிற சீட்டு நாலு சுற்று கழித்து உங்கள் கைக்கே வந்து சேரும், நல்லதானாலும் சரி கெட்டதானாலும் சரி.

இந்த வகையைப் பரவலாக்கியது டொமினியன். டொனால்ட் எக்ஸ். வக்கரினோ வடிவமைத்து 2008-இல் வந்தது, 2009-இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது வாங்கியது. மேஜிக், போக்கிமான் போன்ற சீட்டு விளையாட்டுகளில் கட்டை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு ஆட வருவார்கள். இங்கே கட்டைத் தயார் செய்வதுதான் ஆட்டமே.

வீட்டுல சீட்டுக்கட்டு எடுத்தாலே திட்டு விழுது. இது சூதாட்டம் இல்லைன்னு எப்படிச் சொல்றது?

பணம் வைத்து ஆடுவதில்லை, ஜெயித்தால் பணம் வருவதுமில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியால் நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள் பயப்படுவது நியாயம்தான், அதனால் நான் அம்மாவிடம் வாதம் செய்யவில்லை. ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்து ஆடிக் காட்டினேன். “தாயக்கட்டையாவது பரவாயில்ல, இதுல எதிராளியே இல்லையேடா” என்று எழுந்து போய்விட்டார். பிரச்சினை தீர்ந்தது.

எதிராளியே இல்லாம ஆடினா யாரை ஜெயிக்கிறது? சும்மா பொழுதுபோக்கா சீட்டு அடுக்குற மாதிரிதானே?

எதிரி இருக்கிறது, மனிதனாக இல்லை, அவ்வளவுதான். தனி ஆட்டங்களில் எதிரி மூன்று வடிவத்தில் வரும். ஒன்று, மேலே மேலே கடினமாகிக்கொண்டே போகும் ஆபத்துகளின் குவியல். இரண்டு, சொல்லிவைத்த மாதிரி நடந்துகொள்ளும் ஒரு அரக்கன். மூன்று, உங்கள் சொந்தக் கட்டே. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆட்டம் நடுவில் கட்டு மெல்ல உங்களுக்கு எதிராகத் திரும்பும், அதைச் சரிசெய்துகொண்டே முன்னால் உள்ள எதிரியையும் பார்க்க வேண்டும்.

மனித எதிராளி தருகிற ஒன்று இதில் கிடைக்காது: ஏமாற்றுவது, மனதைப் படிப்பது. அதற்காகத்தான் நீங்கள் மேசை விளையாட்டை விரும்புகிறீர்கள் என்றால் இது அந்தப் பசியை ஆற்றாது. கணக்குப் போட்டு ஆபத்தை எடைபோடுவதுதான் பிடிக்கும் என்றால் இதில் நிறைய இருக்கிறது.

நீளமா பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு பேர் சொல்லுங்க, முதல்ல எதை ஆடணும்?

மேசையில் வேண்டும் என்றால் ஃப்ரைடே. ஃப்ரீடெமன் ஃப்ரீஸ என்ற ஜெர்மன்காரர் 2011-இல் வெளியிட்டது. (அவருடைய ஆட்டங்களின் ஜெர்மன் பெயர்கள் பெரும்பாலும் எஃப்-இல்தான் தொடங்கும், அது அவருடைய பிடிவாதம்.) இது ஒருவர் மட்டுமே ஆட முடிகிற ஆட்டம். நாலு பேர் ஆடுவதைச் சுருக்கித் தனி ஆளுக்கு ஒட்டுப் போட்டதல்ல என்பதால் விதிகளில் விதிவிலக்குகள் குறைவு. சின்னப் பெட்டி, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும்.

கதை எளிது. ராபின்சன் தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறான், நீங்கள் அவனுக்கு உதவுகிற ஃப்ரைடே. ராபின்சனின் 18 சீட்டுதான் உங்கள் கட்டு. ஆபத்துச் சீட்டு இரண்டு வரும், ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். அதில் எத்தனை சீட்டு இலவசமாகப் புரட்டலாம், எவ்வளவு மதிப்பு எட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். எட்டினால் அந்த ஆபத்துச் சீட்டே தலைகீழாகத் திரும்பி உங்கள் கட்டில் ஒரு திறமையாகச் சேரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் தாண்டி, கடைசியில் இரண்டு கடற்கொள்ளைக் கப்பல்களை ஜெயித்தால் ராபின்சன் தப்பிப்பான்.

ஃப்ரைடே வாங்கிட்டேன். பச்சைக் கட்டத்துலயே தோத்துக்கிட்டே இருக்கேன், என்ன தப்பு பண்றேன்?

எல்லாச் சண்டையையும் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடக்கக் கட்டைப் பிரித்துப் பாருங்கள்: மதிப்பு கழித்தல் 1 உள்ள சீட்டு ஐந்து, பூஜ்ஜியம் உள்ளது எட்டு, மதிப்பு 1 உள்ளது மூன்று, மதிப்பு 2 உள்ளது ஒன்று, அதோடு மதிப்பு பூஜ்ஜியமாகவே இருந்து உயிர்ப்புள்ளி தருகிற சாப்பாட்டுச் சீட்டு ஒன்று. கூட்டினால் சரியாகப் பூஜ்ஜியம் வரும். சராசரியாக ஒரு சீட்டு புரட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இலவசச் சீட்டு தீர்ந்தபின் ஒவ்வொரு கூடுதல் சீட்டுக்கும் ஒரு உயிர்ப்புள்ளி கொடுக்க வேண்டும், ஆட்டம் 20 புள்ளியோடுதான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் அந்தப் புள்ளியைக் கொடுத்துச் சீட்டு வாங்குவது காசைக் கிணற்றில் போடுவது மாதிரி.

ஒரு சண்டையைப் பார்ப்போம். மூன்று சீட்டு இலவசம், 2 எட்ட வேண்டும். புரட்டியது 0, கழித்தல் 1, 0. மொத்தம் கழித்தல் 1, இன்னும் 3 வேண்டும். ஜெயிக்கப் போராடினால் நாலைந்து புள்ளி கரைந்தும் எட்டாமல் போகலாம். நிறுத்திக்கொண்டால் குறைகிற 3-க்கு மூன்று உயிர்ப்புள்ளி போகும். ஆனால் தோல்விக்காக இழக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் மேசையில் கிடக்கிற ஒரு சாதாரணச் சீட்டை நிரந்தரமாக ஒழிக்கலாம், இதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. அந்தக் கழித்தல் 1-ஐயும் இரண்டு பூஜ்ஜியங்களையும் ஒழித்தால் கட்டு 15 சீட்டாகிறது, மொத்தம் பூஜ்ஜியத்திலிருந்து 1 ஆகிறது. இப்படி ஐந்து கழித்தல் 1-களும் போய்விட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், 13 சீட்டில் மொத்தம் 5.

அதனால் பச்சைக் கட்டத்தில் நான் கேட்கிற கேள்வி ‘இதை ஜெயிக்க முடியுமா’ என்பதில்லை. ‘இதில் தோற்றால் எந்தக் குப்பை போகும்’ என்பதுதான். மூன்று புள்ளிக்கு மூன்று குப்பை என்றால் சந்தோஷமாகத் தோற்பேன். மேசையில் கிடப்பதெல்லாம் நல்ல சீட்டாக இருந்து தோற்றால் அது வெறும் நட்டம், அங்கே மட்டும் ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்து இன்னொரு சீட்டைப் புரட்டிப் பார்ப்பேன்.

அப்போ எல்லாக் குப்பையையும் ஒழிச்சு எட்டு பத்து சீட்டோட சூப்பரா ஆடலாமே?

அங்கேதான் ஃப்ரீஸ ஒரு கண்ணி வைத்திருக்கிறார். உங்கள் கட்டு தீர்ந்து மறுபடி கலைக்க வேண்டி வரும்போதெல்லாம் ஒரு முதுமைச் சீட்டு உள்ளே போகும். ராபின்சனுக்கு வயதாகிறது. இந்தச் சீட்டுகள் மதிப்பைக் கீழே இழுக்கும், சில உயிரையும் பிடுங்கும், ஒழிக்க ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி வேண்டும். கட்டு மெலிந்தால் சீக்கிரம் தீரும், சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் கலைப்பீர்கள், ராபின்சன் சீக்கிரம் கிழவனாவான்.

தோற்கிற ஆட்டத்தில் இது எப்படித் தெரியும் என்றால், மஞ்சள் கட்டத்தின் நடுவிலேயே முதுமைச் சீட்டு மூன்று நாலு கையில் புழங்கும், வாங்கின திறமைச் சீட்டுகளோ ஐந்தாறுதான் இருக்கும். ஒழித்த வேகத்துக்குச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். என் கணக்கு: இரண்டு சண்டையில் குப்பை ஒழித்தால் அடுத்ததை ஜெயித்து ஒரு சீட்டு சேர்க்கப் பார்ப்பேன். இது விதியல்ல, பழக்கம். இன்னொன்று, கட்டு தீர்ந்த உடனே கலைக்க வேண்டியதில்லை, அடுத்த சீட்டு எடுக்க வேண்டி வரும்போதுதான் கலைக்க வேண்டும். கடைசிச் சீட்டோடு சண்டையை முடித்துக்கொள்ள முடிந்தால், ஒழிக்க வேண்டியதை ஒழித்தபிறகே கலைப்பு நடக்கும்.

பெட்டி வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், சுங்க வரி வேற. பிடிக்குமான்னே தெரியாம எப்படிக் காசு போடுறது?

வீட்டிலிருக்கிற சாதாரணச் சீட்டுக்கட்டை எடுங்கள். ஏழு சிவப்பு, மூன்று கறுப்பு, மொத்தம் பத்து. இது டொமினியனின் தொடக்கக் கட்டு: சிவப்பு என்றால் ஒரு காசு, கறுப்பு என்றால் கையில் வந்தால் எதற்கும் உதவாத எஸ்டேட். கலைத்து ஐந்து எடுங்கள், காசை எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்றோ நாலோ வரும், ஆறு முறைக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒரு கையில் ஐந்தும் மறு கையில் இரண்டுமாகப் பிரியும். சராசரி மூன்றரை.

இப்போது மூன்று கறுப்பையும் எடுத்துவிட்டு மிச்சம் ஏழோடு ஆடுங்கள். ஒவ்வொரு கையிலும் ஐந்து காசு. புதிதாக ஒன்றுமே சேர்க்கவில்லை, வேண்டாததை எடுத்ததற்கே மூன்றரை ஐந்தாகிவிட்டது. இதைப் பார்த்து “அட” என்று தோன்றினால் இந்த வகை உங்களுக்குப் பிடிக்கும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் காசு மிச்சம்.

பிடித்துவிட்டது, ஆனாலும் பெட்டி வாங்கத் தயக்கம் என்றால் ஸ்லே த ஸ்பயர் பக்கம் போங்கள். கணினியிலும் உண்டு, ஆண்ட்ராய்டு, ஐஃபோனிலும் உண்டு, தள்ளுபடி அடிக்கடி வரும்.

ஸ்லே த ஸ்பயர் வீடியோ கேம்தானே? போர்டு கேம் ஆடுறவங்க ஏன் அதைப் பத்தியே பேசுறாங்க?

ஏனென்றால் அது சீட்டாட்டம்தான், எதிரிகளோடு சீட்டுகளால் சண்டை போட்டு மூன்று பகுதிகள் தாண்ட வேண்டும், கலைக்கிற வேலையை மட்டும் கணினி செய்கிறது. அந்தோனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவரின் மெகாக்ரிட் நிறுவனம் செய்தது. 2017 நவம்பரில் முன்வெளியீடு, 2019 ஜனவரியில் முழு வெளியீடு. கண் வேகமோ கை வேகமோ எதுவும் வேண்டாம், ஒரு முறைக்கு அரைமணி நேரம் யோசித்தாலும் எதிரி காத்திருக்கும். நடுவில் காபி போட்டுவிட்டு வரலாம்.

மேசைக்காரர்களுக்குப் பிடிக்கக் காரணம் ஒரே ஒரு வடிவமைப்பு முடிவு என்பேன்: எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதை அதன் தலைக்கு மேலேயே எண்ணோடு காட்டிவிடும். 12 அடிக்கப் போகிறது என்றால் 12-தான். உங்கள் கையில் ஐந்து சீட்டு, அவற்றைப் போடச் செலவழிக்க மூன்று ஆற்றல். எவ்வளவு தடுப்பது, எவ்வளவு அடிப்பது? சதுரங்கப் புதிர் மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் இதையே அட்டையும் சீட்டுமாக மேசை விளையாட்டாகவும் கொண்டுவந்தார்கள், ஒருவர் முதல் நாலு பேர் வரை ஆடலாம். தனியாக ஆடுவதற்கு எனக்குத் திரை வடிவமே போதும், எண்ணிக்கையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் மூணு சீட்டு காட்டி ஒண்ணு எடுன்னு சொல்லுது. எதை எடுக்கிறது?

‘எதுவும் வேண்டாம்’ என்று ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. இலவசம் என்பதால் எடுத்துக்கொண்டே போவார்கள், இரண்டாம் பகுதி முடிவதற்குள் முப்பது சீட்டு சேர்ந்துவிடும்.

ஒரு முறைக்கு ஐந்து சீட்டு எடுக்கிறீர்கள். பத்துச் சீட்டுக் கட்டில் உங்கள் சிறந்த சீட்டு இரண்டு முறைக்கு ஒருதரம் கையில் வரும். இருபதில் நாலு முறைக்கு ஒருதரம். முப்பதில் ஆறு முறைக்கு ஒருதரம், ஆனால் பல சண்டைகள் ஐந்தாறு முறைக்குள் முடிந்துவிடும், அந்தச் சீட்டை நீங்கள் பார்க்காமலே. அதனால் புதுச் சீட்டு நல்லதா என்று கேட்காதீர்கள், கட்டில் இப்போது இருக்கிற சராசரிச் சீட்டைவிட நல்லதா என்று கேளுங்கள். முதல் பகுதியில் கட்டு முழுக்க அடிக்கிற ஸ்ட்ரைக்கும் தடுக்கிற டிஃபெண்டும் என்பதால் ஏறக்குறைய எதுவும் நல்லதுதான், எடுங்கள். மூன்றாம் பகுதியில் பாதிக்கு மேல் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அடித்தோ தடுத்தோ கூடவே ஒரு சீட்டு எடுக்கவும் விடுகிற பாமல் ஸ்ட்ரைக், ஷ்ரக் இட் ஆஃப் போன்றவை இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் தப்பிக்கும், ஏனென்றால் தன் இடத்துக்கு அடுத்த சீட்டையே கொண்டுவந்துவிடுகின்றன.

முதல் பகுதியில கிரெம்லின் நாப்னு ஒரு குண்டன் வர்றான். நல்லா தடுத்துத்தான் ஆடுறேன், ஆனாலும் செத்துப் போறேன். ஏன்?

தடுப்பதால்தான். அவன் முதல் முறை அடிக்க மாட்டான், ஒரு கத்தல் கத்துவான். அதற்குப்பின் நீங்கள் திறன் வகைச் சீட்டு ஒன்று போட்டால் அவன் பலம் 2 ஏறும், சண்டை முடியும்வரை இறங்காது. டிஃபெண்ட் ஒரு திறன் சீட்டு.

அவன் 14 அடிக்க வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஃபெண்ட் போட்டால் 5 தடுக்கும், ஆனால் அந்த அடியே 16 ஆகிவிடும். நிகர லாபம் 3. அடுத்த முறை 2 கூடுதலாக வாங்குவீர்கள், அதற்கடுத்த முறை இன்னொரு 2. இரண்டு அடியிலேயே கணக்கு நட்டத்துக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த ஒரு ஆற்றலில் ஸ்ட்ரைக் போட்டிருந்தால் 6 அடித்திருக்கலாம், சண்டை அதனால் நீள்கிறது, நீள நீள அந்தப் பலம் திரும்பத் திரும்ப உங்கள் தலையில் விழுகிறது.

சரி, அடித்தால்? நீங்கள் முதலில் ஆடுகிற வீரன் ஐயர்ன்கிளாடுக்கு 80 உயிர், நாபுக்கு 82 முதல் 86 வரை. முதல் முறையில் அவனுடைய பாஷ் சீட்டு கிடைத்தால் 8 அடித்து நாபைப் பலவீனமாக்கும், பலவீனப்பட்டவன்மேல் அடி ஒன்றரை மடங்கு, அதனால் கூடவே போடும் ஸ்ட்ரைக் 6-க்குப் பதில் 9. மொத்தம் 17. அவன் கத்துகிற அந்த முறை உங்களுக்கு ஓசி. இரண்டாம் முறையும் பலவீனம் நிற்கும், மூன்று ஸ்ட்ரைக் கிடைத்தால் 27. ஆக 44, பாதி தாண்டியாகிவிட்டது. மூன்றாவதில் வெறும் ஸ்ட்ரைக்குகள் 18, நாலாவதில் மறுபடி பாஷ் சேர்ந்து 17, மொத்தம் 79. சீட்டு ஒழுங்காக வந்தும் தொடக்கக் கட்டோடு நாலு முறையில் மயிரிழையில் தவறுகிறது, ஐந்தாவது முறை வரை இழுக்கிறது, அதற்குள் நீங்கள் வாங்கும் அடி கொஞ்சநஞ்சமல்ல. இதனால்தான் எலைட் எனப்படும் நாப் மாதிரி வலுவான எதிரிகள் இருக்கிற இடத்துக்குப் போகும் முன் இரண்டு நல்ல தாக்குதல் சீட்டாவது சேர்த்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே ஒரு பாமல் ஸ்ட்ரைக், 9 அடியும் ஒரு சீட்டும், அந்த ஐந்தாவது முறையை இல்லாமல் செய்துவிடும்.

கடையில 75 தங்கம் கொடுத்து ஒரு சீட்டை நீக்கலாம்னு இருக்கு. அவ்வளவு காசுக்கு ஒரு புதுச் சீட்டே வாங்கிடலாமே?

ஏழு சிவப்பு மூன்று கறுப்புச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். நீக்குவது எல்லா மீதிச் சீட்டுகளையும் கொஞ்சம் அடிக்கடி வரவழைக்கிறது, வாங்குவது எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. கட்டைத் தூக்கி நிறுத்துகிற ஒரு சீட்டு கடையில் இருந்தால் அதை வாங்குங்கள், சுமாரானது மட்டும் இருந்தால் நீக்குங்கள். சாதாரணச் சண்டைக்கு 10 முதல் 20 தங்கம்தான் கிடைக்கும், அதனால் இந்த 75 ஐந்து சண்டையின் கூலி, யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு நீக்கலுக்குப் பின்னும் விலை 25 ஏறும்.

எதை முதலில் என்றால், ஸ்ட்ரைக். அதைவிட நல்ல தாக்குதல் சீட்டுகள் வழியில் சீக்கிரம் கிடைத்துவிடும், 5 தடுப்பு கடைசிவரை ஏதோ ஒரு முறையில் உதவும். சாபச் சீட்டு ஏதாவது வாங்கித் தொலைத்திருந்தால் மட்டும் அதுதான் முதல்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் சீட்டு சரியா வரலைன்னா தோல்விதானே? எல்லாம் அதிர்ஷ்டம்.

ஒரு ஆட்டத்தில் ஆமாம், கொஞ்சம். இருபது ஆட்டத்தில் இல்லை. நன்றாக ஆடுகிறவர்கள் ஸ்லே த ஸ்பயரில் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒன்றாகத் திறக்கிற 20 கடினப் படிகளையும் ஏறுகிறார்கள், அதிர்ஷ்டம் அவ்வளவு தூரம் யாரையும் தூக்கிவிடாது.

சீட்டு எப்போது வரும் என்பது முழுக்க இருட்டும் அல்ல. பத்துச் சீட்டுக் கட்டில் முதல் ஐந்தில் பாஷ் வரவில்லை என்றால் அடுத்த ஐந்தில் வந்தே தீரும், வேறு எங்கே போகும்? எடுக்க வேண்டிய குவியலைத் தொட்டால் அதில் மிச்சம் என்னென்ன என்று காட்டும், வரிசையை மட்டும் காட்டாது. ஏழு சீட்டு மிச்சம், அதில் நாலு தடுப்பு என்றால் அடுத்த ஐந்தில் குறைந்தது இரண்டு தடுப்பு உறுதி, இந்த முறை தைரியமாக அடிக்கலாம். ‘சீட்டு வரவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குவியலைத் திறந்து பார்த்ததே இல்லை. நானும் முதல் ஒரு மாதம் பார்க்கவில்லை.

எங்கிட்ட டொமினியன் பெட்டி சும்மா தூங்குது, ஆட ஆள் இல்ல. தனியா ஏதாச்சும் பண்ண முடியுமா?

அதில் தனி ஆட்ட விதி இல்லை, ஆனால் உங்கள் வேகத்தையே எதிராளியாக்கலாம். வெற்றிப்புள்ளி தருகிற எட்டுக் காசு பிராவின்ஸ் சீட்டு நாலு வாங்க எத்தனை முறை ஆகிறது என்று எண்ணுங்கள். முதல் ஆட்டம் வெறும் காசு: மூன்று வந்தால் சில்வர், ஆறு வந்தால் கோல்டு, எட்டு வந்தால் பிராவின்ஸ், வேறெதையும் தொடாதீர்கள். எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள். இப்படி ஐந்து ஆட்டம் ஆடினால் ஒரு சராசரி கிடைக்கும்.

அப்புறம் ஒரே ஒரு செயல் சீட்டைச் சேர்த்து மறுபடி ஐந்து ஆட்டம். சாப்பல் எடுங்கள், விலை இரண்டு, கையிலிருந்து நாலு சீட்டு வரை ஒழிக்கலாம். முதல் ஐந்தாறு முறை வாங்கவே காசில்லாமல் தடவுவது போலிருக்கும், பயப்படாதீர்கள், அப்புறம் கிடுகிடுவென்று ஓடும். ஓடவில்லை என்றால் நீங்கள் தொடக்கத்தில் இருந்த செம்புக் காசையும் ஒரேயடியாக ஒழித்துவிட்டீர்கள். சில்வர் வாங்கவாவது மூன்று காசு கையில் வரும்படி விட்டுவைக்க வேண்டும். நிஜ ஆளோடு ஆடத் தோன்றினால் dominion.games-இல் முன்பின் தெரியாதவர்களோடு ஆடலாம்.

தனியா ஆடும்போது ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும்? அது ஏமாத்துறதா?

கற்கிற காலத்தில் அதைப் பயிற்சி என்பேன். ஸ்லே த ஸ்பயரில் சண்டை நடுவே சேமித்து வெளியேறி மறுபடி நுழைந்தால் அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும், கையில் அதே சீட்டுகள் வரும். நாபிடம் தடுத்து ஒருமுறை, அடித்து ஒருமுறை என்று இரண்டையும் ஆடிப் பார்த்தால் மேலே போட்ட கணக்கு என்னை நம்பாமலே உங்களுக்குப் புரிந்துவிடும். பழகினபின் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தோல்வியில் எது தப்பு என்றே தெரியாமல் போகும்.

மேசையில் இதைவிடப் பெரிய தொல்லை, தெரியாமலே விதியை மீறுவது. எதிரே யாரும் இல்லாததால் கேட்க ஆளில்லை. நான் ஃப்ரைடேயில் முதுமைச் சீட்டை ஒழிக்க இரண்டு புள்ளி என்பதைப் பல வாரம் ஒன்று என்றே ஆடி, “இது இவ்வளவு சுலபமா” என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டம் சந்தேகப்படும்படி எளிதாகவோ முடியவே முடியாததாகவோ இருந்தால் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படியுங்கள்.

ரெண்டையும் ஆடி முடிச்சாச்சு. கலைக்கிற அதிர்ஷ்டமே இல்லாம ஒண்ணு இருக்கா?

ஏயான்ஸ் எண்ட், 2016-இல் வந்தது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஒரு அரக்கனை எதிர்க்கிற ஆட்டம், தனியாகவும் ஆடலாம். இதில் உங்கள் கட்டைக் கலைக்கவே மாட்டீர்கள். போட்ட குவியலை அப்படியே திருப்பி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். எந்தச் சீட்டை எந்த வரிசையில் போடுகிறீர்களோ அதே வரிசையில்தான் அடுத்த சுற்றில் வரும், ஆகையால் இன்று சீட்டைக் கீழே வைக்கும்போதே நாளைய கையை அடுக்குகிறீர்கள். அதிர்ஷ்டம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது: அடுத்த முறை உங்களுடையதா அரக்கனுடையதா என்பதை ஒரு தனிச் சின்னக் கட்டு தீர்மானிக்கும், அதைச் சுற்றுக்குச் சுற்று கலைக்க வேண்டும். அரக்கனுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வந்து விழுகிற அந்த நேரத்துக்குத் தயாராக இருப்பதுதான் அங்கே பாதி வேலை.

பெட்டி பெரியது, மேசை முழுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுங்கள்.